கண்ணாடி செல்ஃபியில் புடவையை மாற்றுவது: திரும்ப எடுப்பதா, நிறம் மாற்றுவதா, கணினியிடம் விடுவதா?

வீட்டிலிருந்தே புடவை விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கண்ணாடி முன் நின்று எடுத்த படம் ஒன்று நன்றாக அமைந்துவிட்டது. முதுகுப் பக்கம் முந்தி தெரிகிறது, கண்ணாடிக்குள் முன்பக்கம் தெரிகிறது. ஒரே படத்தில் புடவையின் இரண்டு பக்கமும் வந்துவிடுவதால் வாங்குபவர்களுக்கு இந்த மாதிரிப் படம் பிடிக்கும். இப்போது அதே படத்தில் வேறு புடவை வேண்டும். முன்னால் நிற்கும் ஆளும் கண்ணாடியில் தெரியும் ஆளும் அந்தப் புதுப் புடவையிலேயே இருக்க வேண்டும். எப்படிச் செய்வது?

வழி நான்கு. புதுப் புடவையைக் கட்டி மறுபடி படம் எடுப்பது ஒன்று. இருக்கிற படத்தில் நிறத்தை மட்டும் கையால் மாற்றுவது இன்னொன்று. படம் வரையும் ஏஐ கருவியிடம் கொடுத்துப் புடவையையே மாற்றச் சொல்வது மூன்றாவது. நான்காவது, முன்னால் நிற்கும் ஆளைப் படத்திலிருந்து வெட்டிவிட்டுப் பிம்பத்தை மட்டும் வைத்துக்கொள்வது. எதை எடுப்பது என்பதற்கு முன், எதை வைத்து எடை போடுவது என்று பார்த்துவிடலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பக்கம். கண்ணாடிப் படத்தில் ஆளின் இடது தோள் எந்தப் பக்கம் இருக்கிறதோ, பிம்பத்தின் இடது தோளும் படத்தின் அதே பக்கத்தில்தான் இருக்கும். முந்தி இடது தோளில் விழுவதால், முதுகுப் பக்கமாகத் தெரியும் ஆளுக்கு அது படத்தின் இடப்பக்கம் தொங்கும். கண்ணாடிக்குள்ளும் அது படத்தின் இடப்பக்கத் தோளிலேயே ஏற வேண்டும். சாதாரணப் படத்தில் நம்மைப் பார்த்து நிற்கும் பெண்ணுக்கு முந்தி நமக்கு வலப்பக்கம் இருக்கும். அந்தப் பழக்கத்தில் கண்ணாடிக்குள்ளும் வலப்பக்கம் போட்டுவிட்டால், பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று தோன்றிவிடும்.

அடுத்தது அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டாண்டில் வைத்த போன், ஆளுக்குப் பின்னால் 1.5 மீட்டரில் இருக்கிறது. ஆள் கண்ணாடியிலிருந்து 75 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறார். பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அதே 75 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதுபோல் தெரியும். ஆக, போனிலிருந்து பிம்பத்துக்கு 1.5 + 0.75 + 0.75, மொத்தம் 3 மீட்டர். ஆளுக்கு இருக்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு. எனவே பிம்பம் பாதி அளவுதான் தெரியும். பார்டரின் அகலம், புட்டாவின் அளவு, கட்டத்தின் அளவு எல்லாமே பிம்பத்தில் பாதியாக வேண்டும். டேப் எடுத்து அளக்கத் தேவையில்லை. படத்தில் இரண்டு தோள் அகலத்தையும் ஒப்பிட்டாலே விகிதம் கிடைத்துவிடும். பார்டரும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, துணியின் உண்மை. பின்பக்கம் தெரிவது முந்தி. கண்ணாடியில் தெரிவது உடல், கொசுவம், மார்பின் குறுக்கே போகும் பார்டர். இந்த இரண்டும் ஒரே புடவையிலிருந்து வர வேண்டும். முந்தியில் கோடு இருந்தால் எத்தனை கோடு, எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் வாங்குபவர் கையில் வந்து சேரும் துணியோடு ஒத்துப்போக வேண்டும். விற்பனைப் படத்துக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அளவுகோல் என்பது என் கருத்து.

கடைசியில் செலவு. காசு மட்டும் இல்லை, நேரமும், திரும்பி வரும் பார்சலும் இதில் சேரும்.

## மறுபடி படம் எடுப்பது

பக்கம், அளவு, துணி மூன்றும் இதில் தானாகவே சரியாக வந்துவிடும். பிம்பத்தைக் கண்ணாடியே பார்த்துக்கொள்கிறது. விலை உயர்ந்த பட்டுக்கு, அதிலும் ஒரே ஒரு புடவைதான் இருக்கிறது என்றால், வேறு வழியை யோசிக்கவே வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு துணியில்தான். விற்க வேண்டிய பட்டைக் கட்டி, தோளில் பின் குத்தி, கொசுவத்துக்கு இன்னொரு பின் குத்தினால், மெல்லிய பட்டில் துளை தெரியும். கடை மடிப்பு கலைந்துவிட்டால் திரும்ப அதே மாதிரி மடித்து வைப்பதும் ஒரு வேலை. பின்னுக்குப் பதிலாகப் படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் முந்தியைப் பிளவுஸோடு சேர்த்துக் கிளிப் போட்டு, அது தெரியாத மாதிரி மடிப்பை இழுத்துவிடலாம். எட்டுப் பத்துப் புடவை என்றால், ஒவ்வொன்றையும் கட்டி அவிழ்ப்பதற்குள் ஜன்னல் வெளிச்சம் மாறிவிடும். காலையில் எடுத்த பச்சையும் மதியம் எடுத்த பச்சையும் வேறு வேறு பச்சையாகத் தெரியும்.

இந்த வகைப் படத்துக்கென்று சில சிக்கல்கள் உண்டு. ஆளுக்கு நேர் பின்னால் போனை வைத்தால் ஆளே பிம்பத்தை மறைத்துவிடுவார். போனைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். ஜன்னல் கண்ணாடிப் பக்கம் இருந்தால் முகம் வெளிச்சமாகவும் முதுகு இருட்டாகவும் வரும், முந்தியின் நிறமே செத்துவிடும். ஜன்னல் ஆளுக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் ஓரளவு சமமாக வெளிச்சம் விழும். போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள். கண்ணாடிக்குள் எது முன்னால், எது பின்னால் என்று போன் குழம்பி, பிம்பத்தின் பாதியை மங்கலாக்கிவிடும். போகஸ் வைக்க பிம்பத்தின் மேல் தொடுவதா, ஆளின் மேல் தொடுவதா? எந்தப் பக்கத்தைக் காட்டி விற்கிறீர்களோ அதன் மேல் தொடுங்கள். முந்தி கனமான புடவைக்கு ஆளின் மேல், மற்றதற்குப் பிம்பத்தின் மேல்.

இன்னொன்று, பீரோவில் பதித்த கண்ணாடி. கண்ணாடி சீராக இல்லாவிட்டால் நேரான பார்டர் அலைபோல் வளைந்து தெரியும். எடுப்பதற்கு முன் ஒரு அளவுகோலைக் கண்ணாடி முன் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். அது வளைந்தால் பார்டரும் வளையும்.

## நிறத்தை மட்டும் கையால் மாற்றுவது

ஒரே டிசைனில் நான்கைந்து நிறம் இருக்கும்போது எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஒரு நிறத்தைக் கட்டிப் படம் எடுத்துவிட்டு, மற்றதை போட்டோஷாப்பிலோ ஜிம்பிலோ செய்துகொள்ளலாம். நெசவு, மடிப்பு, நிழல், முந்தி விழும் பக்கம் எல்லாம் அசல் படத்திலிருந்தே வருவதால் பிம்பம் கலைவதற்கு வாய்ப்பே இல்லை.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். செட்டிநாடு காட்டன் புடவை. கடுகு மஞ்சள் உடலில் அரக்குக் கட்டம், அகலமான அரக்கு பார்டர். இதே டிசைன் பாட்டில் பச்சையிலும் கருநீலத்திலும் இருக்கிறது. அவற்றிலும் கட்டமும் பார்டரும் அரக்குதான். ஆக, மாற வேண்டியது மஞ்சள் மட்டும்.

முதலில் ஆளின் புடவையைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் அதோடு சேர்த்துப் பிம்பத்தின் புடவையையும் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒரே மாஸ்க்கில், அதாவது மாற்றம் எந்த இடத்தில் மட்டும் விழ வேண்டும் என்று குறிக்கும் தேர்வில், இருக்க வேண்டும், இந்த வேலையின் உயிரே அதுதான். போட்டோஷாப்பில் அந்த மாஸ்க்கின் மேல் ஒரே ஒரு `Hue/Saturation` அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, `Master` என்ற இடத்தில் `Yellows` என்று மாற்றி, நிறத்தை நகர்த்துங்கள். ஆளுக்கும் பிம்பத்துக்கும் ஒரே எண் போவதால் இரண்டும் சேர்ந்தே பச்சையாகும், அரக்கு பெரும்பாலும் அப்படியே நிற்கும். மாஸ்க் போடாமல் `Yellows` மட்டும் நகர்த்தினால் தோலிலும் மஞ்சள் இருப்பதால் கையும் கழுத்தும் பச்சையாகிவிடும்.

தனித்தனி லேயரில் ஆளை ஒரு முறையும் பிம்பத்தை ஒரு முறையும் கண்ணால் பார்த்து மாற்றுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. கண்ணாடிக்குள் துணி கொஞ்சம் மங்கலாகவும், சாதாரணக் கண்ணாடியென்றால் லேசான பச்சைச் சாயலோடும் தெரியும். அதைச் சரி செய்கிறேன் என்று பிம்பத்தை மட்டும் ஏற்றினால், இரண்டு பேர் இரண்டு புடவை கட்டி நிற்பதுபோல் ஆகிவிடும். அந்த மங்கலை அப்படியே விடுங்கள். கண்ணாடிக்குள் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

கடுகு மஞ்சளிலிருந்து பாட்டில் பச்சைக்குப் போகும்போது வெளிச்சத்தையும் இறக்க வேண்டியிருக்கும். கருநீலத்துக்கு இன்னும் இறக்க வேண்டும். அப்படி இறக்கும்போது கொசுவத்தின் நிழல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் துணி தட்டையாகத் தெரியும். அதனால் எடுக்கும்போதே இருக்கும் நிறங்களில் நடுத்தரமானதைக் கட்டி எடுங்கள். இந்த மூன்றில் பாட்டில் பச்சை நடுவில் இருக்கிறது. அதிலிருந்து மஞ்சளுக்கு ஏற்றுவதும் நீலத்துக்கு இறக்குவதும் சின்ன தூரம்தான். தேர்ந்தெடுக்க வேண்டியது `Greens` என்று மாறும், தோலும் தப்பிக்கும்.

நிறத்தை மாற்றிய பின் கழுத்தையும் முழங்கையின் உள்பக்கத்தையும் பாருங்கள். பளிச்சென்ற துணி தன் நிறத்தைக் கொஞ்சம் தோலில் வீசும். அசல் மஞ்சளின் வீச்சு தாடைக்குக் கீழே தங்கிவிட்டால் மெல்லிய பிரஷ்ஷில் அதைக் குறையுங்கள், பிம்பத்தின் தாடையிலும் சேர்த்து.

இந்த வழி எங்கே செல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளையிலும் கறுப்பிலும் நகர்த்துவதற்கு நிறமே இல்லை. ஜரிகையை மாஸ்க்கிலிருந்து கவனமாக வெளியே எடுக்காவிட்டால் பச்சை ஜரிகை வந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, மயில் கழுத்து மாதிரி இரட்டை நிறப் பட்டில் இதைத் தொடவே வேண்டாம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால், பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப அதன் நிறம் மாறும். முதுகுப் பக்கம் நீலம் தூக்கலாகவும் கண்ணாடிக்குள் பச்சை தூக்கலாகவும் தெரிவதுதான் அங்கே உண்மை. ஒரே எண்ணைக் கொடுத்து மாற்றினால் அந்த ஓட்டம் எந்த நிறத்துக்குப் போகும் என்று நம் கையில் இல்லை. அது மறுபடி எடுக்க வேண்டிய புடவை.

## ஏஐ கருவியிடம் விடுவது

டிசைனே வேறு, புடவையும் கையில் இல்லை, நெசவாளரிடமிருந்து போட்டோ மட்டும் வந்திருக்கிறது என்ற நிலையில்தான் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முழுப் படத்தையும் கொடுத்து "இந்தப் புடவையை மாற்று" என்று எழுதினால் வரும் கோளாறுகள் நாலு விதம். ஆளுக்கு மட்டும் மாறும், பிம்பம் பழைய புடவையிலேயே நிற்கும். இரண்டும் மாறினாலும் கண்ணாடிக்குள் முந்தி மறுபக்கத் தோளுக்குப் போய்விடும். கட்டத்தின் அளவு ஆளுக்கும் பிம்பத்துக்கும் ஒரே மாதிரி வந்து, அளவுக் கணக்கு உதைக்கும். நான்காவது, கண்ணுக்குத் தெரியாத பெரிய கோளாறு: நாம் கொடுத்த போட்டோவில் முந்தி இல்லையென்றால், கருவி ஒரு முந்தியைத் தானாகக் கற்பனை செய்துவிடும். அழகாகவே இருக்கும். ஆனால் அப்படி ஒரு முந்தி தறியில் நெய்யப்படவே இல்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஆடை மாற்றும் ஆராய்ச்சிகள் பலவற்றுக்கு அடிப்படையான, 2021-இல் வந்த விட்டன்-எச்டி படத்தொகுப்பில் இருப்பவை முன்பக்கம் பார்த்து நிற்கும் ஒற்றைப் பெண்களின் படங்கள், அதுவும் மேலாடை. கண்ணாடி முன் நிற்கும் பெண்ணும் அவள் பிம்பமும் அதில் பாடமே இல்லை. கண்ணாடிப் பிம்பத்தைச் சரியாக வரைய வைப்பது தனி ஆராய்ச்சியாகவே நடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தினர் 2024-இல் இதற்கென்றே கணினியில் உருவாக்கிய கண்ணாடிக் காட்சிகளை வைத்து ஒரு மாடலைப் பழக்கியிருக்கிறார்கள். அவ்வளவு மெனக்கெட வேண்டிய விஷயத்தை ஒரு வரி கட்டளையில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கட்டாயம் இதில்தான் செய்ய வேண்டும் என்றால், படத்தை இரண்டாகப் பிரித்துச் செய்யுங்கள். பிம்பம் இருக்கும் பகுதியைத் தனியாக வெட்டி எடுத்து, இடவலமாகத் திருப்புங்கள். போட்டோஷாப்பில் அது `Flip Horizontal`. திருப்பிய உடனே அது கண்ணாடி இல்லாத சாதாரண முன்பக்கப் படமாகிவிடும், முந்தி நமக்கு வலப்பக்கம் வந்துவிடும். கருவிக்குப் பழக்கமான படம் இது. பிம்பம் சின்னதாக இருப்பதால் வெட்டிய துண்டைப் பெரிதாக்கிக் கொடுங்கள். புடவையின் முன்பக்கப் போட்டோவைத் துணைக்குக் கொடுத்து மாற்றுங்கள். அப்புறம் முன்னால் நிற்கும் ஆளைத் தனியாக வெட்டி, முந்தியை விரித்து எடுத்த போட்டோவைக் கொடுத்து மாற்றுங்கள். கடைசியில் பிம்பத்துண்டை மறுபடி இடவலமாகத் திருப்பி, பழைய அளவுக்குச் சுருக்கி, பழைய இடத்தில் ஒட்டுங்கள். புடவைப் பகுதியை மட்டும் மாஸ்க் வைத்து ஒட்ட வேண்டும். முகம், போன் பிடித்த விரல்கள், கண்ணாடிச் சட்டம் எல்லாம் அசலிலிருந்தே இருக்கட்டும். ஒட்டிய பின் பிம்பத்தை அசலில் இருந்த அளவுக்கு மங்கலாக்க மறக்காதீர்கள்.

சரி பார்ப்பதற்கும் அதே திருப்புதல் உதவும். முடிந்த படத்தில் பிம்பத்தை வெட்டித் திருப்பி, புடவையின் அசல் போட்டோ பக்கத்தில் வையுங்கள். பார்டரில் எத்தனை கோடு, ஒரு புட்டாவுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று எண்ணுங்கள். செட்டிநாடு கட்டம் மாதிரித் துணியில் இடுப்புக்கும் கரைக்கும் நடுவே கட்டங்களை எண்ணினாலே தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு இந்த எண்ணும் வேலைதான். படம் நொடியில் வந்துவிடும். அதைச் சோதித்து, தூக்கிப்போட்டு, மறுபடி வரவழைத்து, மறுபடி எண்ணி முடிப்பதற்குள் புடவையைக் கட்டியே எடுத்திருக்கலாம் என்ற நிலை சுலபமாக வந்துவிடும். தப்பு தெரியாமல் வெளியே போனால், "படத்தில் இருந்த முந்தி இது இல்லை" என்று பார்சல் திரும்பும், தபால் செலவு இரண்டு பக்கமும் நம் தலையில். அதோடு, படத்தில் இருப்பவர் அக்கம்பக்கத்துப் பெண்ணாகவோ உறவினராகவோ இருந்தால், அவர் கட்டாத புடவையை அவர் உடம்பில் போடுவதற்கு முன் அவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

## ஆளை வெட்டிவிடுவது

கையில் போனைப் பிடித்து எடுத்த உண்மையான செல்ஃபி என்றால், முன்னால் தெரிவது பெரும்பாலும் ஒரு முழங்கையும் பிளவுஸ் கையின் ஓரமும்தான். அந்த ஓரத்துக்காக இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. கண்ணாடிச் சட்டத்துக்கு உள்ளே வரும்படி படத்தை வெட்டிவிட்டால், ஒத்துப்போக வேண்டிய இரண்டாவது புடவையே இருக்காது. இழப்பு முந்திதான், அதற்கு விரித்துப் போட்டு எடுத்த படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிடலாம். பாதி வெட்டுப்பட்ட முழங்கை ஓரத்தில் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மறுபடி எடுப்பது | நிறம் மாற்றுவது | ஏஐ கருவி | ஆளை வெட்டுவது |
|---|---|---|---|---|
| முந்தி விழும் பக்கம் | தானாகச் சரி | தானாகச் சரி | சோதிக்க வேண்டும் | ஒப்பிட ஆள் இல்லை |
| பார்டர், கட்டத்தின் அளவு | தானாகச் சரி | தானாகச் சரி | எண்ணிப் பார்க்க வேண்டும் | ஒப்பிட ஆள் இல்லை |
| துணியின் உண்மை | முழுசாக | நிறம் தவிர முழுசாக | நம்ப முடியாது | புடவை மாறாது |
| மறைந்த செலவு | பின் துளை, மடிப்பு, மாறும் வெளிச்சம் | மாஸ்க் போடும் நேரம் | சோதனை, திரும்பும் பார்சல் | முந்திக்குத் தனிப் படம் |
| பொருந்தும் இடம் | பட்டு, இரட்டை நிறம், ஒற்றைப் புடவை | ஒரே டிசைன், பல நிறம் | நெய்யும் முன் மாதிரி பார்க்க | கையில் பிடித்த செல்ஃபி |

நான்காவது வழி தனியாகப் புடவையை மாற்றாது. ஆனால் நிறம் மாற்றுவதோடு சேர்த்தால் வேலை பாதியாகும், மாஸ்க் ஒரு புடவைக்குப் போதும்.

ஏஐ கருவிக்கு நான் மனசாரச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. நெசவாளரும் கடைக்காரரும் அடுத்த ஆர்டருக்கு எந்த பார்டர், எந்த உடல் நிறம் என்று பேசிக்கொண்டிருக்கும் நேரம் அது. கட்டினால் எப்படி இருக்கும் என்று இருவரும் பார்க்கலாம். பார்ப்பவர் இருவருக்குமே அது மாதிரிதான் என்று தெரியும். அங்கே முந்தியில் ஒரு கோடு கூடியிருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

விற்பனைப் பக்கத்தில் போடுவதாக இருந்தால், நிறம் மாற்றிய படத்தின் கீழும் ஒரு வரி எழுதுங்கள்: "பாட்டில் பச்சையில் எடுத்த படம், மற்ற நிறங்கள் கணினியில் மாற்றியவை." அதோடு ஒவ்வொரு நிறப் புடவையையும் மடித்தபடியே ஒரு வெள்ளைத் தாளின் மேல், அதே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த சின்னப் படம் ஒன்றைச் சேருங்கள். நிறம் மாற்றும்போது உங்களுக்கும் அந்தப் படம்தான் அளவுகோல். வாங்குபவரும் அதைப் பார்த்துத்தான் தன் பிளவுஸோடு பொருந்துமா என்று முடிவு செய்வார்.